சம்பளம் வாங்கினதுக்குச் சாட்சி யாரு?

"வேலையை விடும்போது ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கிக்கோ, பின்னாடி உதவும்." நம்ம ஹாஸ்டலில் சீனியர்கள் எல்லாருமே சொல்ற அறிவுரை இது. என் கருத்தில் இது பாதி அறிவுரைதான். ஆஸ்திரேலியா போகலாம்னு நினைக்கிறவங்களுக்கு அந்தப் பாதி சில நேரம் உதவவே உதவாது.

ஆஸ்திரேலியாவின் திறன் அடிப்படையிலான விசாவில், வெளிநாட்டில் பார்த்த வேலைக்கும் புள்ளிகள் உண்டு. கடைசி 10 ஆண்டுகளில் 3 ஆண்டு வேலை பார்த்திருந்தால் 5 புள்ளி, 5 ஆண்டு என்றால் 10, 8 ஆண்டு என்றால் 15. பொறியாளர்களின் தகுதியை மதிப்பிடுவது என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. வேலை அனுபவத்தையும் அவர்களிடம் மதிப்பிடச் சொன்னால், கம்பெனி லெட்டரோட நிறுத்த மாட்டாங்க. மூன்றாம் தரப்பு ஆவணமும் கேட்பாங்க. அதாவது கம்பெனிக்கு வெளியே இருக்கிற ஒருத்தர் சாட்சி சொல்லணும். வருமான வரித்துறை, பி.எஃப். அலுவலகம் மாதிரி. பே ஸ்லிப் கட்டுக்கட்டா இருந்தாலும் அது லெட்டர் கொடுத்த அதே கை கொடுத்ததுதானே?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெக்கானிக்கல் முடிச்ச ஒருத்தர் 2019 ஜூனில் கோவையில் ஒரு சின்ன பம்ப் கம்பெனியில் சேருகிறார். மாதம் 14,000 ரூபாய், கையில் ரொக்கமாக. 2 ஆண்டு கழித்து சென்னையில் பெரிய கம்பெனி, அங்கே பி.எஃப்., வரிப் பிடித்தம் எல்லாம் ஒழுங்கு. 2024 மே முடியும்போது மொத்தம் 5 ஆண்டு, ஆக 10 புள்ளி என்று அவர் நினைக்கிறார்.

கோவைக் கதையைப் பிரிச்சுப் பாருங்க. ஆண்டுச் சம்பளம் 1,68,000. வரி வரம்புக்குக் கீழே என்பதால் பிடித்தம் இல்லை. பிடித்தம் இல்லாததால் ஃபார்ம் 16 தர வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை, 26ஏஎஸ்-சிலும் ஒன்றும் ஏறாது. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்துக்குத்தான். அங்கே இருந்ததோ 12 பேர். ரொக்கம் என்பதால் வங்கிக் கணக்கிலும் தடம் இல்லை. மிஞ்சுவது லெட்டரும் பே ஸ்லிப்பும் மட்டும். அந்த 2 ஆண்டு ஏற்கப்படாவிட்டால் கையில் நிற்பது 3 ஆண்டு, 5 புள்ளி. வேலை பார்த்தது என்னவோ உண்மைதான்!

மதிப்பிடுகிறவர்களை இதில் திட்ட எனக்கு மனசு வரலை. போலி லெட்டர் ஒரு பிரிண்டரும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் முடிஞ்சிடும். ஆனால் இந்த விதி அதிகம் அடிப்பது சின்னப் பட்டறைகளில் நேர்மையாக உழைத்தவர்களைத்தான். "நாங்க பேப்பர் ரெடி பண்ணித் தர்றோம்" என்று கிளம்புற ஏஜென்ட்கள் காத்திருப்பதும் இவர்களுக்காகத்தான். பொய் ஆவணம் பிடிபட்டால் விசா மறுப்போடு 3 ஆண்டுத் தடையும் வரலாம்.

அவர் செய்திருக்க வேண்டியது சுலபம். சம்பளத்தை வங்கி வழியாகக் கேட்டிருக்கலாம். வரி இல்லாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கலாம். வழக்கமான கெடு ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன். வருமானம் வரம்புக்குக் கீழே என்றால் தாமதக் கட்டணம்கூட இல்லை. டிசம்பரும் போச்சுன்னா கதவு மூடிடும். அதற்குப் பிறகு வரும் அப்டேட்டட் ரிட்டர்ன் கூடுதல் வரி கட்டுகிறவர்களுக்குத்தான். பூஜ்ய வரிக்காரர் அதைப் போட முடியாது. அஞ்சு வருஷம் கழிச்சு ஞானோதயம் வந்து பிரயோஜனமில்லை.

அதே நேரம், பூஜ்ய ரிட்டர்னை மட்டும் நம்பவும் முடியாது. பிடித்தம் இல்லாத ரிட்டர்னில் சம்பளத் தொகை இருக்கும், கம்பெனி பெயர் இருக்காது. பெயரைச் சொல்வது வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழும் வரவு. இரண்டும் சேர்ந்தால்தான் லெட்டருக்குத் துணை. பூஜ்ய வரி சின்னச் சம்பளக்காரர் கதைதான்னு நினைக்காதீங்க. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை. இப்போ கேம்பஸில் தேர்வாகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்குள்தான் வருவாங்க.

பி.எஃப். இருக்கிற கம்பெனி என்றால் பாஸ்புக்தான் நல்ல சாட்சி. நிறுவனத்தின் பெயரோடு மாதாமாதம் பதிவு இருக்கும். அதில் வெளியேறிய தேதியைப் பாருங்க. லெட்டரில் மே 31, பி.எஃப்.-பில் ஏப்ரல் 30 என்று இருந்தால் கேள்வி வரும். கம்பெனி தேதியே போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு 2 மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம்.

லெட்டரிலும், "நன்னடத்தை உடையவர்" என்ற ஒரு வரி போதாது. பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, கையெழுத்திட்டவரின் தொடர்பு விவரம் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வேணும். நீங்க பம்ப் கேசிங் வரைந்தீங்களா, டெஸ்ட் பெட்டில் நின்றீங்களா என்று எழுதித் தர, கூட நின்று பார்த்த மேலாளரால்தான் முடியும். அவர் அந்தக் கம்பெனியில் இருக்கும்போதே கேட்டு வாங்கிடுங்க.