பாதியாகக் குறைத்தால் போதுமா?

டயலிசிஸ் செய்பவருக்கு எல்லா அன்டிபயோட்டிக்கையும் தொடக்கத்திலிருந்தே பாதியாகக் குறைப்பதுதான் பாதுகாப்பு என்ற வாதம் தவறு. கடும் தொற்றில் அது ஆபத்தும்கூட. முதல் அளவைத் தீர்மானிப்பது சிறுநீரகமல்ல, மருந்து பரவ வேண்டிய உடலின் கொள்ளளவு. ஆகவே கடும் தொற்றில் மெரோபெனெம் முதலில் முழு 1 கிராம் ஏற்றப்பட வேண்டும். குறைப்பு அதன்பின்னரே, வழக்கமாக 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம்.

நேரமும் அளவைப் போலவே முக்கியமானது. கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் காலை 8 மணி டயலிசிஸுக்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 6 மணிக்கே அன்றைய மருந்தை ஏற்றினால், நான்கு மணித்தியாலத்தில் ஏறக்குறைய பாதி இயந்திரத்தோடு போய்விடும். மறுநாள்வரை இரத்தத்தில் மருந்து போதாது, காய்ச்சலும் தணியாமல் நீடிக்கலாம். டயலிசிஸ் முடிந்தபின் ஏற்றுவதே முறை.

மருந்து மிகுந்தால் வலிப்பு வரலாம் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அது தொடர் அளவுகளுக்கே பொருந்தும். பித்தத்தின் வழியாகவும் வெளியேறும் செஃப்ட்ரியாக்சோனுக்கோ பொதுவாகக் குறைப்பே தேவையில்லை.