போறது ஆர்?

பாரிஸில ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில வேலை செய்யிற என்ர மச்சான், பகல் வேலைக்கு நிக்கிற பிரெஞ்சுப் பெடியனுக்கு ஒரு துண்டு எழுதி வைத்தான். «போறதுக்கு முதல் எனக்குக் கோல் எடு» என்பதுதான் அவன் மனதில இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு மச்சான் வீட்டால வெளிக்கிடுவான். அதுக்கு முதல் கோல் வந்தால், வாற வழியில என்ன வாங்கோணும் எண்டு கேட்டு வாங்கி வரலாம். துண்டில எழுதியது: அப்பெல் முவா அவாங் து பார்த்தீர்.

அந்தப் பெடியன் ஐந்து மணிக்குக் கோல் எடுத்தான். தான் வேலை முடிந்து போறதுக்கு முதல். மச்சான் அப்ப வெறுங்கையோட கடை வாசலில நிற்கிறான்.

பெடியனில பிழை இல்லை. தமிழில «போறதுக்கு முதல்» எண்டால் போறது நீயா நானா எண்டு சொல்லத் தேவையில்லை, இடம் பார்த்து விளங்கிக்கொள்ளுவம். பிரெஞ்சு அப்படி விடாது. «அவாங் து» போட்டுப் பின்னால வினையை அகராதியில இருக்கிற வடிவத்தில, அதாவது இன்ஃபினிட்டிவில வைத்தால், முதல் வினையைச் செய்யிற ஆளேதான் இதையும் செய்யிறார். கோல் எடுக்கிறவன்தான் போறவன். ஆள் மாறினால் «அவாங் கெ» போட்டு, ஆளைச் சொல்லி, வினையை சுப்ஜொங்க்திஃப் வடிவத்துக்கு மாற்றவேணும். மச்சான் எழுதியிருக்க வேண்டியது: அப்பெல் முவா அவாங் கெ ஜெ பார்த். «ஜெ» எண்ட அந்த ஒரு «நான்» தான் துண்டில இல்லாமல் போனது.

«பூர்», «பூர் கெ» சோடியும் இதே மாதிரித்தான். «உங்களுக்கு விளங்க நான் மெதுவாக் கதைக்கிறன்» எண்டு நாங்கள் சொல்லுறம். கதைக்கிறது ஒராள், விளங்குறது வேறொராள், எண்டாலும் «விளங்க» எண்ட எச்சம் கோவிக்காது. இதை அப்படியே கொண்டுபோய் «ஜெ பார்ல் லாங்த்மாங் பூர் கோம்ப்ராந்த்ர்» எண்டால், எனக்கு விளங்குறதுக்காக நான் மெதுவாக் கதைக்கிறன் எண்டு வரும். கேட்கிறவர் சிரிப்பார். «பூர் கெ வூ கோம்ப்ரனியே» எண்டு வரவேணும்.

எங்கட வகுப்புகளில இது தலைகீழாப் படிப்பிக்கப்படுது எண்டதுதான் என்ர முறைப்பாடு. முதலில பியாங் கெ, பூர் கெ, அவாங் கெ எண்டு ஒரு பட்டியல். பிறகு சுப்ஜொங்க்திஃப் வாய்பாடு. பயிற்சித் தாளில «கெ» ஏற்கனவே அச்சடிச்சிருக்கும், வெற்றிடத்தில வினையை மாத்தி எழுதினால் புள்ளி. ஆர் செய்யிறார் எண்ட கேள்வியை ஒருத்தரும் கேட்கிறதில்லை. எல்லாம் சரியா எழுதின பிள்ளை, தானா ஒரு வசனம் கட்டேக்க «நான் படிக்கிறதுக்காக நான் வந்தேன்» எண்டமாதிரி «பூர் கெ ஜெ...» எண்டு தொடங்கும். ஆள் ஒண்டுதானே, அங்கே வெறும் «பூர்» போதும். வாய்பாட்டுக்கே போகத் தேவையில்லை!

பிரெஞ்சுக்காரரும் இதில கொஞ்சம் தளர்வுதான். «மறக்க முதல் சொல்லுறன்» எண்டதுக்கு «அவாங் கெ ஜூப்லி» எண்டு சர்வசாதாரணமாச் சொல்லுவினம், மறக்கிறதும் சொல்லுறதும் ஒரே ஆளா இருந்தும். «பூர் கெ»யில அந்தத் தளர்வு குறைவு.

«பியாங் கெ» தான் உண்மையான தொல்லை. «இருந்தாலும்» எண்ட பொருள் தருகிற இதுக்கு இன்ஃபினிட்டிவ் சோடியே இல்லை. ஆள் ஒண்டானாலும் சுப்ஜொங்க்திஃப்தான்: «நான் களைச்சிருந்தாலும் வருவன்» எண்டதுக்கு, பியாங் கெ ஜெ சுவா ஃபத்திகே. சுப்ஜொங்க்திஃப் எண்டால் சந்தேகம் எண்டு சொல்லித்தருகிற விளக்கமும் இங்கே உடையுது. «பியாங் கீல் ப்ளொவ்» எண்டால், மழை பெய்தாலும். மழை கண்ணுக்கு முன்னால பெய்துகொண்டிருக்கு, இதில என்ன சந்தேகம்? காரணம் தேடி மண்டையை உடைக்காமல், இந்தச் சொல் இப்படித்தான் எண்டு எடுக்கிறது நல்லது.

தப்ப வழி இருக்கு. ஆள் ஒண்டெண்டால் நடுவில இருக்கிற ரெண்டு சொல்லையும் தூக்கிவிட்டு «பியாங் கெ ஃபத்திகே» எண்டு விடலாம். பெயர்ச்சொல் கிடைத்தால் «மல்க்ரே லா ப்ளுயி», மழையையும் மீறி. பேச்சில «மெம் சி» போட்டால் சாதாரண வினையே போதும், பொருள் கொஞ்சம்தான் மாறும். புதுசாப் படிக்கிற ஆளுக்கு நான் முதலில «மல்க்ரே»யைத்தான் கொடுப்பன், வாய்பாட்டைப் பிறகு பாப்பம்.

மச்சானுக்கு இதெல்லாம் ஃபோனில அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினன். அடுத்த கிழமை துண்டில என்ன எழுதினாய் எண்டு கேட்டன். «அவாங் செஸ் ஊர்» எண்டானாம். பதினாறு மணிக்கு முதல். வினையே இல்லை.