எண்ணெய்க் கரண்டிக்கும் ஓர் அளவு உண்டு

கொழுப்பு என்றாலே அஞ்சும் காலம் இது. மாரடைப்பைப் பற்றிய செய்திகளைக் கேட்டு எண்ணெயையும் நெய்யையும் அறவே ஒதுக்குவோர் சிலர். விலையேற்றத்தால் அவற்றைக் குறைத்துக்கொள்வோர் பலர். காரணம் எதுவாயினும், ஓர் எல்லைக்குக் கீழே கொழுப்பு குறைந்தால் உடல் தன் கணக்கைக் காட்டத் தொடங்கிவிடும். பெண்களிடத்தில் அது பெரும்பாலும் மாதவிலக்கின் ஒழுங்கில் தெரியும்.

இதன் காரணத்தைச் சரியாக அறிந்துகொள்வது நல்லது. பெண்மைக்கும் ஆண்மைக்கும் உரிய ஹார்மோன்கள் கொலஸ்டிராலிலிருந்தே உருவாகின்றன. ஆனால் அந்தக் கொலஸ்டிராலைப் பெரும்பாலும் நம் உடலே தயாரித்துக்கொள்கிறது. ஆகவே, "நெய் உண்டால் ஹார்மோன் பெருகும்" என்பது சரியன்று. உணவில் உள்ள கொழுப்பின் வேலை வேறு. உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத சில கொழுப்பு அமிலங்களை அது தருகிறது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடலில் சேர்க்கிறது. சிறிய அளவிலேயே மிகுந்த ஆற்றலையும் அளிக்கிறது. உழைப்புக்கேற்ற ஆற்றல் கிடைக்காதபோது, மூளை சினைப்பைக்கு அனுப்பும் கட்டளைகளைக் குறைத்துக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, சிலருக்கு நின்றும் விடுகிறது.

குறைந்தபட்ச அளவு யாது? உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் 2008இல் கூட்டிய வல்லுநர் குழு, உண்ணும் ஆற்றலில் நூற்றுக்குப் 15 பங்காவது கொழுப்பிலிருந்து வரவேண்டும் என்றது. மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் 20 பங்கு தேவை என்றது. நாளொன்றுக்கு 2,100 கலோரி தேவைப்படும் பெண்ணுக்கு இது 420 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருவதால், ஏறத்தாழ 47 கிராம் கொழுப்பு வேண்டும்.

இதை நம் கம்பம் பள்ளத்தாக்கின் சமையலறையில் வைத்துப் பார்ப்போம். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மலைமேல் உள்ள ஏலத்தோட்டத்திற்கு வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். காலையில் கஞ்சியும் ஊறுகாயும். நண்பகலில் சோறும் ரசமும். இரவில் சோறும் குழம்பும். அரிசியிலும் பருப்பிலும் மறைந்துள்ள கொழுப்பு சுமார் 5 கிராம். தாளிக்கும் எண்ணெயில் அவர் பங்கு 2 தேக்கரண்டி. அது 9 கிராம். தேநீரில் சேரும் பால் 3 கிராம். ஆக 17 கிராம் மட்டுமே. வயிறு நிறைந்திருக்கும், தேவையோ பாதிகூட நிறைந்திராது.

மீதி 30 கிராமை இவ்வாறு சேர்க்கலாம். ஒரு சிறு கைப்பிடி, அதாவது 30 கிராம் வறுத்த நிலக்கடலை 13 கிராம் கொழுப்புத் தரும். இதை முடிந்து எடுத்துச் செல்லலாம். தோட்டத்தில் இடைவேளையில் உண்ணலாம். கூட 2 தேக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ 9 கிராம். சோற்றில் 1 தேக்கரண்டி நெய் 5 கிராம். மேலும் அரை டம்ளர் பால் 3 கிராம். கணக்கு 47 ஆகிவிட்டது. இங்கே எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 23 கிராம். நடுத்தர உழைப்புள்ள பெண்ணுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2010இல் குறித்த 25 கிராமை இது ஒட்டியே நிற்கிறது.

தேக்கரண்டி என்பது 5 மில்லி. குழம்புக் கரண்டியால் ஊற்றினால் அளவு கைநழுவிப் போகும். ஆகையால் வாரக் கணக்கு எளிது. நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு 4 தேக்கரண்டி வீதம் நாளொன்றுக்கு 80 மில்லி; வாரத்திற்கு 560 மில்லி. ஞாயிறன்று அந்த அளவைத் தனிக் குப்பியில் ஊற்றி, அதிலிருந்தே சமையுங்கள். வியாழனன்றே குப்பி காலியானால் பொரியலும் பஜ்ஜியும் மிகுந்துவிட்டன என்று பொருள். சனிக்கிழமையும் பாதி எஞ்சி நின்றால், யாரோ குறைவாக உண்கிறார்கள். பெரும்பாலும் அது கடைசியில் உண்ணும் அம்மாவாகவே இருக்கும்.

நெய்யில் நிறைகொழுப்பு மிகுதி. ஆகவே ஆளுக்கு 1 தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெயும் அத்தகையதே. தேங்காய் அரைத்த குழம்பு வைக்கும் நாளில் தாளிக்கும் எண்ணெயைக் குறைத்துக்கொள்க. இருதய நோயோ பித்தப்பைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும்.

இறுதியாக ஒன்று. மாதவிலக்கு மூன்று மாதம் வராதிருந்தால் கடலையும் நெய்யும் தந்து காத்திருக்கலாகாது. கருவுற்றிருத்தல், தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி எனக் காரணங்கள் பல. முதலில் மருத்துவரைக் காணுங்கள். அப்போது, நாள்தோறும் எத்தனை தேக்கரண்டி எண்ணெய் உண்கிறீர்கள் என்பதையும் மறவாமல் அவரிடம் சொல்லுங்கள்.