முதலில் எழுத வேண்டியது கடைசிக் கேள்வி

மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறை நமக்குப் புதிதன்று. சென்னையில் சிறுவர் இல்லம் ஒன்றை மேற்பார்வையிட்ட ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பித்தார். அதை 1797இல் நூலாக வெளியிட்டார். அம்முறை ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது. ஆனால், ஒருவர் சொன்னதை மற்றவர் திரும்பச் சொல்வது கற்றதற்குச் சான்றாகாது. ஆகவே, 15 நிமிடச் சகமாணவர் கற்பித்தலைத் திட்டமிடுவோர், இறுதியில் கேட்கும் கேள்வியையே முதலில் எழுத வேண்டும்.

கேரித் தீவின் அலையாத்திக் காட்டைப் பற்றிய பாடப்பகுதியை இரு மாணவர் கற்பிக்கப் போவதாகக் கொள்ளலாம். மூச்சு வேர், முட்டு வேர், மரத்திலேயே முளைக்கும் விதை, காட்டின் பயன் என அதில் நான்கு செய்திகள் உள்ளன. நான்கையும் 15 நிமிடத்தில் சொன்னால் எதுவும் மனத்தில் நிற்காது. எனவே, மூச்சு வேரை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது. நீர் நிறைந்த சேற்றில் காற்று மிகக் குறைவு. அதனால், அப்பி-அப்பி மரத்தின் வேர்க் கிளைகள் பென்சில்போல் மேல்நோக்கி வளர்கின்றன. அவற்றிலுள்ள நுண்துளைகள் வழியே காற்று உள்ளே சென்று, சேற்றுக்குள் இருக்கும் வேர்களை அடைகிறது.

இதற்கான இறுதிக் கேள்வி, “மூச்சு வேர் என்றால் என்ன?” என்று அமையக்கூடாது, அதற்கு நூலைப் பார்த்தே விடை எழுதிவிடலாம். “மூச்சு வேர்கள் முழுவதும் மூடும்படி மண்ணைக் கொட்டினால் மரம் என்னவாகும்? ஏன்?” என்று கேட்கலாம். துளைகள் அடைபட்டு வேருக்குக் காற்று கிடைக்காமல் மரம் பட்டுப்போகும் என்று எழுதுபவரே கருத்தைப் புரிந்துகொண்டவர்.

கேள்வி முடிவானபின் நேரத்தைப் பிரிப்பது எளிது. முதல் 2 நிமிடம் வேரின் படத்தைக் காட்டி, “இது ஏன் மேல்நோக்கி வளர்கிறது?” என்று ஊகிக்க விடலாம். அடுத்த 4 நிமிடம் விளக்கம். பின்னர் 5 நிமிடம், இருவர் இருவராக மரத்தையும் சேற்றையும் வரைந்து, காற்று செல்லும் வழியை அம்புக்குறியால் காட்ட வேண்டும். தவறு வெளிப்படும் இடம் இதுவே. மூச்சு வேர் தண்ணீரை உறிஞ்சவே மேலே வருகிறது என்று எண்ணுபவரின் அம்புக்குறி நீரிலிருந்து தொடங்கும். கற்பிப்பவர் மேசைதோறும் சென்று அதைக் கவனித்து உடனே திருத்தலாம்.

எஞ்சிய 4 நிமிடம் இறுதிக் கேள்விக்குரியது. “புரிந்ததா?” என்று கேட்டால் வகுப்பே “புரிந்தது” என்று தலையாட்டும். எனவே, ஒவ்வொருவரும் விடையைத் தாளில் எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்ட வேண்டும். பலரும் “ஏன்” என்பதற்கு விடை எழுதாவிட்டால், புதிய செய்திக்குப் போகாமல் அந்தப் படத்தைக் கொண்டே மீண்டும் விளக்க வேண்டும். விடுபட்ட மூன்று செய்திகளை அடுத்த குழுக்கள் கற்பிக்கலாம்.