சேமிக்கும் ஜன்னலில் தெரியாத ஐகன் எதற்கு?



எமது கணினி அறையில் ஒவ்வொரு கணினியிலும் பிள்ளைகளுக்கு 2 போல்டர் வைத்திருந்தோம். செய்துகொண்டிருக்கும் வேலைக்கு ஒன்று, முடித்து ஒப்படைக்கும் வேலைக்கு மற்றது. தவணை முடிந்ததும் முதலாவதைத் துப்புரவு செய்வோம். இரண்டுமே ஒரே மஞ்சள் நிறம். கடந்த தவணையில் 3 பிள்ளைகள் முடித்த வேலையை மாறிச் சேமித்துவிட்டார்கள். துப்புரவோடு அதுவும் போய்விட்டது. அழித்தது நாங்கள்தான். பெயரை வாசித்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். ஆனால் மணி அடித்த பிறகு அவசரமாகச் சேமிக்கும் பிள்ளை வாசிப்பதில்லை, பார்க்கிறது.

அதனால்தான் போல்டர்களின் ஐகனை மாற்ற முடிவு செய்தோம். "இது அலங்காரம்தானே சேர், பாடம் முடிக்கவே நேரமில்லை" என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். முதல் முயற்சியில் அவர் சொன்னதே சரியாகிவிட்டது. இணையத்தில் அழகான 2 படங்களை எடுத்து, ஐகனாக மாற்றித் தரும் தளமொன்றில் கொடுத்துப் போட்டோம். டெஸ்க்டொப்பில் கண்ணைப் பறித்தது. ஆனால் பிள்ளை தவறு விடும் இடம் டெஸ்க்டொப் அல்ல, 'Save As' ஜன்னல். அங்கே பட்டியலில் ஐகனின் அளவு 16க்கு 16 புள்ளிகள் மட்டுமே. இரண்டு அழகான படங்களும் அங்கே இரண்டு சாம்பல் கறைகளாகக் கிடந்தன.

ஏன் இப்படி ஆனது? விண்டோஸின் .ico பைல் ஒரு படம் அல்ல, பல அளவுப் படங்களைப் போட்டுவைத்த பெட்டி. விண்டோஸ் தனக்குத் தேவையான அளவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த அளவு இல்லாவிட்டால் வேறொன்றைச் சுருக்கியோ பெருப்பித்தோ காட்டும். எங்களுக்குக் கிடைத்த பைலில் 256 அளவு மட்டுமே இருந்தது. அதில் 8 புள்ளி தடிப்பமான ஒரு கோடு, 16க்குச் சுருங்கும்போது அரைப் புள்ளியாகிவிடும். திரையில் அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரு முழுப் புள்ளி மங்கலான நிறத்தில் வரும். அதுதான் அந்தக் கறை.

SVG போன்ற கோட்டுப் படமாக வரைந்தால் எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பெரிதாக்கும்போது அது உண்மை. சிறிதாக்கும்போது அதே அரைப் புள்ளிப் பிரச்சினை திரும்பி வரும். அதோடு விண்டோஸ் போல்டருக்கு SVG பைலை ஐகனாக ஏற்காது. ஆகவே எங்கள் கருத்து இதுதான்: ஐகனைப் பெரிதாக வரைந்து சுருக்கக் கூடாது. 16இல் முதலில் வரைய வேண்டும்.

அதற்குக் கணிதப் பாடத்துச் சதுரக் கொப்பி போதும். 1984இல் வந்த மெக்கின்டொஷ் கணினிக்கு ஐகன் வரைந்த சூசன் கேரும் கட்டம் போட்ட கொப்பியில்தான் தொடங்கினார். அவருக்கு 32க்கு 32 கட்டம், கறுப்பும் வெள்ளையும் மட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு 16க்கு 16.

எதை வரைவது என்பதற்கு விடை கண்ணெதிரே கடலில் இருந்தது. எங்கள் பகுதிக் கடல்விதிப்படி துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு மிதவை, வலப்பக்கம் பச்சை மிதவை. நிறம் மட்டுமல்ல, சிவப்புக்கு உருளை வடிவம், பச்சைக்குக் கூம்பு வடிவம். மிதவையின் உடலே அப்படி இருக்கும், அல்லது உச்சியில் அந்த அடையாளம் இருக்கும். வெயில் எதிரே அடித்து நிறம் தெரியாதபோதும் வடிவம் காட்டிக்கொடுக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைக்கும் அதே வடிவம் உதவும். ஆகவே முடியாத வேலைக்குச் சிவப்பு உருளை, ஒப்படைத்த வேலைக்குப் பச்சைக் கூம்பு.

உருளை சுலபம்: 8 கட்ட அகலம், 12 கட்ட உயரம், முழுவதும் நிறம். கூம்பில் ஒரு பிள்ளை உச்சியை ஒரே கட்டத்தில் தொடங்கியது. 16 இரட்டை எண். ஒரு கட்டம் நடுவில் நின்றால் ஒரு பக்கம் 7, மறுபக்கம் 8 கட்டம் மிஞ்சும், கூம்பு சாய்ந்து தெரியும். உச்சியை 2 கட்டமாக்கி, ஒவ்வொரு 2 வரிசைக்கும் இருபுறமும் ஒரு கட்டம் கூட்டினோம். 2, 4, 6, 8, 10, 12 என்று 12 வரிசையில் கூம்பு நேராக நின்றது.

அடுத்து 24, 32, 48, 256. திரை அளவீட்டை 150 வீதத்தில் வைத்திருக்கும் மடிகணினி, 16 வரும் இடத்தில் 24ஐக் கேட்கும். 16இலிருந்து 24 ஒன்றரை மடங்கு என்பதால் மறுபடியும் அரைப் புள்ளி வரும். அதனால் 24ஐத் தனியாக வரைந்தோம். பெரிய அளவுகளில் மட்டும் அலையும் விளக்கும் சேர்த்தோம். பின்னணியை வெறுமையாக விட்டு PNG ஆகச் சேமித்து, ImageMagick என்ற இலவச மென்பொருளால் ஒரே பைலாக்கினோம். இரண்டாவது வரி, உள்ளே எத்தனை அளவு இருக்கிறது என்று காட்டும்:

```
magick 16.png 24.png 32.png 48.png 256.png koombu.ico
magick identify koombu.ico
```

5 அளவும் வரிசையாக வந்தால் சரி. ஒரே வரி வந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பட்டியலில் கறைதான். PNG பைலின் பெயரை .ico என்று மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம், விண்டோஸ் அதை ஏற்காது.

போல்டரை வலது கிளிக் செய்து Properties, Customize, Change Icon வழியாகப் போடலாம். எங்களுக்கு இன்னொரு பாடம் இங்கே கிடைத்தது. ஐகனை Downloads இல் வைத்துக்கொண்டு போட்டோம். போல்டரை வேறு கணினிக்குக் கொண்டுபோனதும் பழைய மஞ்சள் திரும்பிவிட்டது. காரணம், போல்டருக்குள் மறைந்திருக்கும் desktop.ini பைலில் ஐகனின் முழு முகவரி எழுதப்பட்டிருந்தது. அந்த முகவரி அடுத்த கணினியில் இல்லை. ஐகனை அதே போல்டருக்குள் வைத்து, desktop.ini இல் பெயரை மட்டும் விட்டோம்:

```
[.ShellClassInfo]
IconResource=koombu.ico,0
```

பிறகு `attrib +r` கட்டளையைப் போல்டரின் பெயரோடு கொடுத்தோம். அந்தக் குறி இருந்தால் விண்டோஸ் desktop.ini ஐத் திறந்து பார்க்கும்.

இவ்வளவும் சொல்லும் நாங்கள், மென்பொருள்களின் ஐகனை மாற்ற வேண்டாம் என்றும் சொல்கிறோம். சோர்ட்கட்டின் Properties இல் அதுவும் முடியும், மென்பொருளுக்கு எதுவும் ஆகாது. ஆனால் அந்தப் பிள்ளை நாளை வேறொரு கணினியின் முன்னால் உட்காரும். அங்கே Word தன் சொந்த முகத்தோடு இருக்கும். எங்கள் அறையில் மட்டும் பேனாப் படத்தைப் பழக்கிவிட்டால், அங்கே பிள்ளை தேடித் தடுமாறும். கடலிலும் ஒவ்வொரு துறைமுகமும் தன் இஷ்டத்துக்கு நிறம் பூசுவதில்லை. எல்லோருக்கும் பொதுவான அடையாளத்தை அப்படியே விட வேண்டும். எங்கள் அறைக்கே உரிய போல்டருக்கு எங்கள் அடையாளம் போதும்.

ஐகன் மாற்ற விரும்பும் ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். டெஸ்க்டொப்பைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 'Save As' ஜன்னலைத் திறந்து, இரண்டடி பின்னால் போய் நின்று பாருங்கள். எது உருளை, எது கூம்பு என்று அங்கிருந்து தெரியாவிட்டால், சதுரக் கொப்பிக்குத் திரும்புங்கள்.