கினி பிக் முயல் அல்ல

"முயலுக்குப் போடுற தீவனமே போதும் சார். கொஞ்சம் கேரட் போடுங்க. எலி ஜாதிதானே, எதைக் கொடுத்தாலும் தின்னும்."

உத்திரமேரூர் பக்கத்தில் கினி பிக் வளர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும், விற்றவர் தங்களுக்குச் சொன்னதாக இதைத்தான் சொல்கிறார்கள். மாடும் ஆடும் பார்க்கிற கால்நடை மருத்துவன் நான். சில வருடங்களாக, சென்னையிலிருந்து பிள்ளைகளுக்கு வாங்கி வந்த கினி பிக்கையும் கூடையில் வைத்து எடுத்து வருகிறார்கள். அப்படி வந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு நோய்க்கிருமியால் வந்த நோய் எதுவும் இல்லை. இந்த யோசனையை நம்பிக் கொடுத்த தீனிதான் நோய். அதனால் இந்த யோசனையின் ஒவ்வொரு பகுதியும் ஏன் தவறு என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கூடையைப் பற்றிச் சொல்கிறேன். வந்தவாசி சாலையில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து, எட்டாவது படிக்கும் பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். கூடையில் ஓர் ஆண் கினி பிக். பொங்கலுக்கு வாங்கியபோது 880 கிராம் இருந்ததாம், அன்று 710. பின்னங்காலை இழுத்து இழுத்து நகர்ந்தது. "வாதம் வந்துடுச்சுன்னு எங்கம்மா சொல்றாங்க டாக்டர்" என்றார் அப்பா. நான் கையில் தூக்கியதும் கீச்சென்று கத்தியது. வாதம் வந்த கால் பெரும்பாலும் இப்படி வலிக்காது. இது தொட்டாலே துடித்தது, முழங்கால் மூட்டுகள் வீங்கியிருந்தன, வாயைத் திறந்தால் ஈறில் இரத்தக் கசிவு. முகவாய்க்குக் கீழே மயிர் எச்சிலில் நனைந்து திரிதிரியாக ஒட்டியிருந்தது. தீனி என்ன என்று கேட்டேன். முயல் தீவனம், மிஞ்சிய சோறு, வெள்ளரிக்காய், கேரட். படுக்க வைக்கோல், தின்னவும் அதுவே.

"எலி ஜாதிதானே" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 1907-ல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இருவர், கப்பல் மாலுமிகளுக்கு வந்த பெரிபெரி நோயைப் புரிந்துகொள்ள கினி பிக்குகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிபெரி வரவில்லை. மனிதனுக்கு வரும் ஸ்கர்வி வந்தது. பச்சைக் காய்கறியும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தபோது வராமல் நின்றது. அன்று எலியை எடுத்திருந்தால் அவர்கள் ஒன்றும் கண்டிருக்கமாட்டார்கள், ஏனென்றால் எலிக்கு ஸ்கர்வி வராது. நம் குன்னூரிலும் ராபர்ட் மக்காரிசன் 1919 வாக்கில் இதே பிராணிகளுக்கு ஸ்கர்வி உண்டாக்கும் தீனியைக் கொடுத்து, அட்ரீனல் சுரப்பிகள் எப்படிக் கெடுகின்றன என்று பார்த்து எழுதினார். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி இது.

காரணம் எளிமையானது. முயல், எலி, ஆடு, மாடு, நாய் எல்லாம் தங்கள் கல்லீரலிலேயே வைட்டமின் சி-யைச் செய்துகொள்கின்றன. அந்த வேலையின் கடைசிப் படிக்கு வேண்டிய நொதி கினி பிக்குக்கு இல்லை, மனிதனுக்கும் இல்லை. தினமும் வாய் வழியாக வந்தால்தான் உண்டு, உடம்பில் சேமித்து வைக்கவும் முடியாது. அடியோடு நின்றுபோனால் இரண்டு மூன்று வாரத்தில் அறிகுறி தெரியும். முயல் தன் தேவையைத் தானே செய்துகொள்வதால் முயல் தீவனத்தில் வைட்டமின் சி சேர்க்கவேண்டிய அவசியம் இல்லை, பொதுவாகச் சேர்ப்பதும் இல்லை. கினி பிக்குக்கென்றே விற்கும் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஆனால் தயாரான நாளிலிருந்து சுமார் மூன்று மாதத்தில் அதில் பெரும்பகுதி போய்விடும். மூட்டையைப் பிரித்து நம் ஊர் வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பார்க்காமல் வாங்குவதில் அர்த்தமில்லை.

அடுத்தது கேரட். நல்ல காய்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. வளர்ந்த கினி பிக்குக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும், சினையாக இருந்தால் 30. நூறு கிராம் கேரட்டில் சுமார் 6 மில்லிகிராம்தான் இருக்கிறது. அதை மட்டும் நம்பினால் தினம் 160 கிராமுக்கு மேல் தின்னவேண்டும், வயிறு சர்க்கரையில் கெட்டுப்போகும். வெள்ளரிக்காயில் அதைவிடக் குறைவு. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கிற கொய்யாவைப் பாருங்கள், நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல். கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு துண்டு, பத்து கிராம், ஒரு நாளுக்குப் போதும். கொஞ்சம் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, ஒரு சீவல் நெல்லிக்காய் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முருங்கைக்கீரையிலும் நிறைய இருக்கிறது. ஆனால் சுண்ணாம்புச்சத்து அதிகம், தினமும் பிடி பிடியாகக் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் வரலாம். வாரத்தில் ஓரிரு நாள் ஒரு கொத்து போதும்.

தண்ணீர்ப் பாட்டிலில் வைட்டமின் சொட்டு விடுகிறோம், எலுமிச்சை பிழிகிறோம் என்பவர்களும் உண்டு. தண்ணீரில் கரைந்த வைட்டமின் சி வெளிச்சம் பட்டும் சூட்டிலும் உலோகக் குழாய் பட்டும் ஒரே நாளில் பெருமளவு சிதைகிறது. ருசி பிடிக்காவிட்டால் பிராணி தண்ணீரையே குறைத்துவிடும். சித்திரை வெயிலில் அது ஆபத்து. எவ்வளவு உள்ளே போனது என்பதும் தெரியாது.

இனி வைக்கோல். "நெல்லு விளையுற ஊரு டாக்டர், வைக்கோலுக்கா பஞ்சம்" என்று அந்த அப்பா சொன்னார். நியாயமான கேள்வி, ஏனென்றால் பார்வைக்குக் காய்ந்த புல்லும் வைக்கோலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் வைக்கோல் என்பது தன் சத்தையெல்லாம் நெல்மணிக்குக் கொடுத்து முடித்த தாள். புரதம் மிகக் குறைவு, தண்டு முரடு. மாட்டின் வயிறு அதைச் சமாளிக்கும். கினி பிக் மேலாகக் கொறித்துவிட்டுத் தள்ளிவிடும், தேவையான அளவு தின்னாது. விஷம் என்று சொல்லவில்லை, படுக்கையாக இருக்கட்டும். தீனிக்கு வேண்டியது, பூப்பதற்கு முன்பு அறுத்துக் காயவைத்த புல்.

இதைக் கடையில் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. அருகம்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல் எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன. மருந்து அடித்த வரப்பில் அறுக்கக் கூடாது. பனி உலர்ந்த பிறகு அறுத்து, நிழலில் மெல்லிசாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு முறை புரட்டி, இரண்டு மூன்று நாள் விட்டால் போதும். பச்சை நிறம் முழுக்கப் போகாமல், முறித்தால் ஒடிகிற பதத்தில், முகர்ந்தால் இனிய வாசனை வரவேண்டும். பூஞ்சை நெடி வந்தால் மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். ஐப்பசி மழையில் சரியாகக் காயாது, அதனால் ஆவணி, புரட்டாசியிலேயே சேர்த்து வைக்கவேண்டும். பச்சையாகவே நிறையப் புல் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது. காயும்போது வைட்டமின் சி பெரும்பாலும் அழிந்துவிடும், பச்சைப் புல்லில் அது இருக்கும். காய்ந்த புல் கொடுப்பவர் கொய்யாவை நிறுத்தக் கூடாது, கொய்யா கொடுப்பவர் புல்லைக் குறைக்கவும் கூடாது.

புல் எதற்கு என்பது வாய்க்குள் பார்த்தால்தான் புரியும். கினி பிக்குக்கு இருபது பற்கள். முன்னால் தெரிகிற நான்கு மட்டும் அல்ல, கன்னத்துக்குள் மறைந்திருக்கும் பதினாறு கடைவாய்ப் பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நீளமான புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் வளர்கிற அளவுக்குத் தேயும். தீவன உருண்டையை நான்கு கடியில் நொறுக்கி விழுங்கிவிடுகிறது, சோற்றுக்கு அரைக்கவே வேண்டாம். தேயாத கீழ்க் கடைவாய்ப் பற்கள் நாக்குப் பக்கம் சாய்ந்து வளர்ந்து, இரண்டு பக்கமும் சேர்ந்து நாக்கின் மேல் பாலம் போல மூடிக்கொள்ளும். அப்போது பசி இருக்கும், தட்டருகே ஓடி வரும், கவ்வும், உள்ளே தள்ள முடியாமல் கீழே போட்டுவிடும். எச்சில் வழியும். வீட்டார் "தீனி பிடிக்கலை" என்று வேறு தீனி தேடுவார்கள்.

ஸ்கர்வியும் பல்லும் கைகோப்பது இங்கேதான். பல்லைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கும் நார் கொலாஜனால் ஆனது. கொலாஜன் உறுதியாக உருவாக வைட்டமின் சி வேண்டும். அது இல்லாதபோது பல் ஆடும், ஆடிய பல் சாயும், சாய்ந்த பல் எதிர்ப் பல்லோடு உரசாமல் நீளும். நீண்டதும் புல்லையும் காயையும் தின்ன முடியாது, வைட்டமின் இன்னும் குறையும்.

"மரக்கட்டை போட்டா பல் தேஞ்சிடும், நீண்டா நகவெட்டியால நறுக்கிடலாம்" என்று சிலர் சொல்லும் யோசனை மிகவும் கொடுமையானது. கட்டையைக் கடிப்பது முன்பற்கள் மட்டுமே, கடைவாய்ப் பற்களை அது தொடுவதே இல்லை. முன்பல் நீண்டு தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு பின்னால் இருக்கிறது என்று பொருள். நகவெட்டியால் நறுக்கினால் பல் நெடுக்கில் பிளந்து வேர் வரை விரிசல் போகும், சீழ் பிடிக்கும். மயக்கம் கொடுத்து, சிறு சுழல் கருவியால் அளவாகத் தேய்க்கிற வேலை அது.

அந்த ஆண் கினி பிக்குக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில் வைட்டமின் சி கொடுத்தேன். 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்துப் பத்து மில்லி தண்ணீரில் கலந்தால் ஒரு மில்லியில் 50. அதன் எடைக்கு நாளுக்கு 0.7 மில்லி, தினமும் புதிதாகக் கலக்கவேண்டும். தீவனப் பொடியைக் கூழாகக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொன்னேன். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் அந்தப் பெண் ஊட்டினாள், இரவில் அவள் பாட்டி. ஐந்தாம் நாள் நான்கு காலில் நடந்தது. மருந்தை இரண்டு வாரம் தொடர்ந்தோம். ஆனால் சாய்ந்த பல்லை வைட்டமின் நிமிர்த்தாது. சென்னைக்கு அனுப்பிப் பல்லைத் தேய்க்கவேண்டியிருந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவர்கள் பஸ் ஏறுகிறார்கள், அது உயிரோடு இருக்கும் வரை ஏறவேண்டும்.

எச்சில் வழியும்வரை காத்திருந்தால் இந்த நிலைதான். எடை அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கும். கினி பிக் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை ஒரு டப்பாவில் உட்காரவைத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எடையைக் காலண்டரில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஐம்பது கிராம் குறைந்தால் மறுநாளே மருத்துவரிடம் கொண்டுபோய், கடைவாய்ப் பல்லைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.