சம்பளம் 12 ஆயிரம், முகத்துக்கு 1,300! பளபளப்புக்குப் பின்னால் ஒரு பகீர் கணக்கு

சென்னை புரசைவாக்கம், தியாகராயநகர் பக்கம் ஜவுளிக் கடைகளில் சேலை விரித்துப் போடும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். திருத்திய புருவம், தலையில் பூ, உதட்டில் சாயம். "டல்லா வராதேம்மா" என்று சூப்பர்வைசர் சொன்னால் போதும். அது உத்தரவு!

ஆனால் பணம் யார் கொடுப்பது?

ஒரு பெண்ணுக்குச் சம்பளம் மாதம் 12 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புருவம் திருத்த இரண்டு தடவைக்கு 100. பேசியல் 600. பவுடர், மை, லிப்ஸ்டிக் 300. பூ, கிளிப், ஜாக்கெட் தையல் கூலி 300. ஆக மொத்தம் 1,300 ரூபாய். ஏறக்குறைய 3 நாள் சம்பளம் அம்போ! அதே கடையில் நிற்கும் ஆணுக்கு முடிவெட்டு, ஷேவிங்கோடு கதை முடிந்தது.

கட்டுப்படியாகாதவள் முதலில் நிறுத்துவது பேசியலை. அங்கேதான் வருகிறது வினை. "மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் இருக்குதுக்கா, ஒரே வாரத்தில் சிவப்பாயிடலாம்" என்கிறாள் பக்கத்து கவுண்டர்காரி.

உண்மைதான், ஒரே வாரத்தில் முகம் வெளுக்கிறது. காரணம், பல டியூப்களில் இருப்பது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற நோய்களுக்கு டாக்டர் சில நாள் மட்டும் கொடுக்கும் மருந்து அது. தோலில் உள்ள ரத்தக் குழாய்களை அது சுருக்குவதால் முகம் வெளுத்துத் தெரிகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. பரு கிளம்புகிறது. கன்னத்தில் ரோமம் முளைக்கிறது.

பயந்துபோய் நிறுத்தினாலோ முகம் தீப்பட்ட மாதிரி எரிகிறது. மறுபடி பூசினால் அடங்குகிறது. இதுதான் அடையாளம்! பூசினால் நிம்மதி, நிறுத்தினால் எரிச்சல் என்றால் அது கிரீம் அல்ல, கண்ணி. தோல் டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் விடுபட வேண்டும். அதற்குப் பல மாதம் ஆகலாம். அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆனால் லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் போச்சு!

டியூப்பில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபிடசால் என்று இருந்தால் தொடக்கூடாது. 2018-ம் ஆண்டிலேயே மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் சீட்டு கேட்காமல் தூக்கிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. மருந்து இன்ஸ்பெக்டர்கள் இந்த அலமாரியையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கடை அழகுக்கு விளக்குப் போட்டால் கரண்டு பில்லைக் கடைதான் கட்டுகிறது. பெண்ணின் முகமும் கடை அழகுதான் என்றால் அந்தச் செலவையும் கடையே கட்டட்டும். இல்லையா? கழுவிய முகத்தோடு அவள் வரட்டும், யாரும் எதுவும் சொல்லக்கூடாது!